ஏஐ எழுதிக் குடுத்த அசைன்மென்ட் பிளேஜியரிசமா? அடிக்கடி வர்ற கேள்விகள்

சாட்ஜிபிடி எழுதினத அப்படியே என் பேர் போட்டு குடுத்தா அது பிளேஜியரிசமா இல்லையா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

எழுதினது நீங்க இல்லன்றத மறைச்சுக் குடுத்தா அது தப்பு. இதுல ரெண்டு தரப்புக்கும் பெருசா சண்டை இல்ல. சண்டை எங்க வருதுன்னா, அந்தத் தப்ப பிளேஜியரிசம்னு, அதாவது அடுத்தவரோட எழுத்த சொந்த எழுத்தா காட்டற தப்புன்னு சொல்லலாமா, இல்ல பரீட்சை ஹால்ல பிட்டு கொண்டுபோற மாதிரி வேற வகை தப்புன்னு பிரிக்கணுமான்ற எடத்துலதான். கேக்க சின்ன விஷயமா தெரியும், ஆனா எந்த விதில கேஸ் போடறாங்க, என்ன ஆதாரம் வேணும், தண்டனை எவ்வளவு, எல்லாமே இதுலதான் தொங்குது.

என் நிலைப்பாட்ட முன்னாடியே சொல்லிடறேன். மறைச்சுக் குடுக்கறது நேர்மைக்கேடுதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா அத பழைய பிளேஜியரிசம் மாதிரியே விசாரிச்சா தப்பு பண்ணாத பிள்ளைங்க மாட்டுவாங்க. எதிர்த்தரப்பு வாதமும் பலமானதுதான், அதனால அதையும் குறைக்காம சொல்றேன்.

நான் யார் கிட்ட இருந்தும் எடுக்கலையே. மெஷின் எழுதினத எடுத்தா எப்படி திருட்டு ஆகும்?

பிளேஜியரிசம் இல்லன்னு சொல்றவங்களோட முதல் வாதமே இதுதான், லேசுல தள்ளிவிட முடியாத வாதம். பழைய கணக்குல பிளேஜியரிசம்னா மூணு பேர் உண்டு: உண்மைல எழுதினவர், எடுத்தவர், படிச்சு ஏமாந்தவர். சாட்ஜிபிடி மாதிரி எழுதித் தர்ற ஏஐ ஜெனரேட்டர் விஷயத்துல முதல் ஆளே காணோம். நீங்க தட்டிக் குடுக்கற கேள்விக்கு, அதாவது உங்க ப்ராம்ப்டுக்குன்னு அந்த நிமிஷம் வார்த்தை வார்த்தையா கோத்து வந்த வாக்கியம் அது, அதுக்கு முன்னாடி எந்தப் புத்தகத்துலயும் அந்த வடிவத்துல இருந்திருக்காது. பேர் போட்டு நன்றி சொல்லணும்னா யாருக்கு சொல்றது?

இதுக்குத் துணையா இன்னொரு விஷயமும் காட்டுவாங்க. மெஷினுக்கு ஆசிரியர்ன்ற அந்தஸ்தே கிடையாதுன்னு பெரிய இடங்களே சொல்லியாச்சு. ஆய்வு வெளியீட்டு நெறிமுறைகளுக்கான கோப் அமைப்பு 2023 பிப்ரவரில ஏஐ கருவிய ஆய்வுக்கட்டுரைக்கு ஆசிரியரா போட முடியாதுன்னு அறிவிச்சுது, எழுதினதுக்கு பொறுப்பேத்துக்க அதால முடியாதுன்றதுதான் காரணம். அமெரிக்க காப்பிரைட் அலுவலகமும் 2023 மார்ச்சுல மனுஷன் படைச்ச பகுதிக்குத்தான் காப்பிரைட் உண்டுன்னு வழிகாட்டுதல் குடுத்துச்சு. அப்போ எழுதினதுக்கு ஆசிரியரே இல்லன்னு நீங்களே சொல்லிட்டு, ஆசிரியரோடத திருடிட்டான்னு எப்படி சொல்வீங்கன்னு கேக்கறாங்க. நியாயமான கேள்விதான்.

ஒண்ணு மட்டும் கவனிக்கணும், காப்பிரைட்டும் பிளேஜியரிசமும் வேற வேற. காப்பிரைட் சொத்து சம்பந்தப்பட்டது, சட்டம் பாத்துக்கும். பிளேஜியரிசம் நேர்மை சம்பந்தப்பட்டது, காலேஜ் பாத்துக்கும். காப்பிரைட் முடிஞ்சுபோன பழைய புத்தகத்துல இருந்து ஒரு பக்கத்த எடுத்து உங்க பேர்ல குடுத்தா சட்டப்படி ஒண்ணும் ஆகாது, ஆனா பிளேஜியரிசம்னா பிளேஜியரிசம்தான். அதனால காப்பிரைட் இல்லைங்கறத மட்டும் வெச்சு இந்தத் தரப்பு ஜெயிச்சுட முடியாது.

அப்போ பிளேஜியரிசம்தான்னு அடிச்சு சொல்றவங்க எதை வெச்சு சொல்றாங்க?

அவங்க கேள்வியவே திருப்பிப் போடறாங்க. யார் கிட்ட இருந்து எடுத்தன்றது முக்கியமில்ல, யார் கிட்ட என்ன சொன்னன்றதுதான் முக்கியம்னு சொல்றாங்க. அசைன்மென்ட் மேல பேர் போட்டுக் குடுக்கறதே ஒரு வாக்குமூலம், இத யோசிச்சதும் எழுதினதும் நான்தான்னு. அது பொய்யா இருந்தா, பொருள பறிகொடுத்தவன் ஒருத்தன் இருக்கணும்னு அவசியமில்ல, ஏமாந்தவர் ஒருத்தர் இருந்தா போதும். இங்க திருத்தி மார்க் போடறவர் ஏமாறறார், கூடப் படிக்கற பிள்ளைங்களும் ஏமாறறாங்க.

இது புதுசா கண்டுபிடிச்ச வாதம் இல்ல. ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டியோட விதி, மூல ஆசிரியர் சம்மதிச்சிருந்தாலும் சம்மதிக்கலன்னாலும் முழுசா குறிப்பிடாம அவரோட வேலைய உங்க வேலையா காட்டினா பிளேஜியரிசம்னு சொல்லுது. சம்மதம் இருந்தாலும்ன்ற எடம்தான் முக்கியம். ஃபிரெண்டு மனசார எழுதிக் குடுத்து, என் பேரே வேண்டாம், நீயே வெச்சுக்கோன்னு சொன்னாலும் அது தப்புதான். அங்க திருட்டும் இல்ல, பறிகொடுத்தவனும் இல்ல, இருந்தும் யாரும் அத சரின்னு சொன்னதில்ல.

காசு குடுத்து எழுதி வாங்கறது இதோட அடுத்த படி. ராபர்ட் கிளார்க், தாமஸ் லான்காஸ்டர்னு ரெண்டு பேர் 2006ல இதுக்கு கான்ட்ராக்ட் சீட்டிங்னு பேர் வெச்சாங்க. அப்பயும் இதே சிக்கல் இருந்துச்சு: எழுதி வாங்கினது புத்தம்புது கட்டுரை, எந்த சாஃப்ட்வேர்லயும் மேட்ச் ஆகாது, எழுதினவர் காச வாங்கிட்டு உரிமையெல்லாம் குடுத்துட்டார். இங்கிலாந்துல 2022ல இந்த சேவைய விக்கறதையே சட்டத்தால தடை பண்ணாங்க. ஜெனரேட்டர் இதே வேலைய ஓசில நொடில பண்ணுதுன்னா தப்பு எப்படி குறையும்னு இந்தத் தரப்பு கேக்குது.

ஆனா இங்கயே ஒரு ஓட்டை இருக்கு, அத சொல்லியாகணும். கான்ட்ராக்ட் சீட்டிங்குக்கு தனிப் பேர் வெச்சதே அது வழக்கமான பிளேஜியரிசத்துக்குள்ள சரியா அடங்கலன்றதாலதான். அதனால இந்த உதாரணம் ரெண்டு பக்கமும் வெட்டுது.

மெஷின் சொல்ற ஐடியாவே வேற யாரோடதாவது இருந்தா?

இந்த விவாதத்துல ஜனங்க ரொம்பக் கம்மியா பேசற எடம் இதுதான், எனக்கு ரொம்ப முக்கியமா படறதும் இதுதான்.

ஜெனரேட்டர் கோடிக்கணக்கான பக்கங்கள்ல பயிற்சி எடுத்தது. பெரும்பாலும் அதுல இருந்து அப்படியே கக்கறதில்ல, ஆனா கக்கவும் செய்யும். 2021ல நிக்கோலஸ் கார்லினியும் கூட வேலை பாத்தவங்களும் ஜிபிடி-2ன்ற பழைய ஏஐ மாடல்ல இருந்து பயிற்சி டேட்டால இருந்த வாசகங்கள எழுத்து மாறாம நூத்துக்கணக்குல வெளிய எடுத்துக் காட்டினாங்க. அந்த மாதிரி ஒரு பத்தி உங்க அசைன்மென்ட்ல வந்து விழுந்தா, மெஷின் நடுவுல இருந்தாலும் அது பழைய மாதிரி சுத்தமான பிளேஜியரிசம்.

வார்த்தைக்கு வார்த்தை காப்பியாகறது அரிதுதான், ஐடியா காப்பியாகறது அடிக்கடி நடக்கும். ஒரு ஆய்வாளர் பத்து வருஷம் உழைச்சு ஒரு விளக்கத்த கண்டுபிடிச்சிருப்பார், ஜெனரேட்டர் அத ஊருக்கே தெரிஞ்ச பொது உண்மை மாதிரி, பேர் இல்லாம, வழுவழுன்னு ரெண்டு வரில சொல்லிடும். நீங்க அத வாங்கி எழுதறீங்க. இப்ப அந்த ஆய்வாளரோட உழைப்பு உங்க பேர்ல நிக்குது, உங்களுக்கே தெரியாது. நிறைய யுனிவர்சிட்டி விதிகள்ல தெரியாம நடந்தாலும் பிளேஜியரிசம்னுதான் இருக்கு, வேணும்னே பண்ணதுக்கும் தெரியாம நடந்ததுக்கும் தண்டனைதான் மாறும்.

அதனால திருடப்பட்டவனே இல்லைங்கற வாதம் எனக்கு முழுசா ஒத்துவரல. ஆள் இருக்கான், நடுவுல இருக்கற மெஷின் அவன மறைச்சுடுது. ஆனா எதிர்த்தரப்பு உடனே கேக்கும், ஒரு வாத்தியார் கிளாஸ்ல யாரோட ஐடியான்னு சொல்லாமலே நடத்தறார், பையன் அத எழுதறான், அவன பிளேஜியரிஸ்ட்னு சொல்வியான்னு. சொல்லமாட்டேன். அங்க எல்லாருக்கும் தெரிஞ்ச பாடம்ன்ற புரிதல் இருக்கு, அதோட வாத்தியார்கிட்ட திரும்பப் போய் இது எங்க படிச்சீங்க சார்னு கேக்கலாம். ஜெனரேட்டர் கிட்ட கேட்டா சில நேரம் இல்லாத புத்தகத்தோட பேர சொல்லும்.

பேர் எதுவா இருந்தா என்னங்க, ரெண்டுமே தப்புதானே? ஏன் இவ்வளவு மயிர்பிளக்கற விவாதம்?

பேர் மாறினா ஆதாரமும் மாறணும், அதனாலதான்.

பிளேஜியரிசம்னு ஒருத்தர் மேல சொன்னா இடது பக்கம் அவர் எழுதினது, வலது பக்கம் மூலம்னு ரெண்டையும் பக்கத்துல வெச்சுக் காட்ட முடியும். மாணவர் பாப்பார், பெத்தவங்க பாப்பாங்க, மறுக்க முடியாது. எந்த வரி எந்த மூலத்தோட மேட்ச் ஆகுதுன்னு காட்டற சிமிலாரிட்டி ரிப்போர்ட் இத்தன வருஷமா வேலை செஞ்சதே அதனாலதான். ஏஐ விஷயத்துல வலது பக்கம் வெக்க எதுவுமே இல்ல. அதே ப்ராம்ப்ட மறுபடி போட்டாக்கூட வேற வாக்கியம்தான் வரும். அதே பேர வெச்சா விசாரிக்கறவங்களும் அதே உறுதி தங்களுக்கு இருக்கறதா நினைச்சுடறாங்க. என் பயம் அதுதான்.

சயின்ஸ் இதழ் நடந்துகிட்டத பாருங்க. 2023 ஜனவரில ஏஐ எழுதின எதையுமே கட்டுரைல சேக்கக்கூடாதுன்னு விதி போட்டாங்க, மீறினா ஆய்வு முறைகேடு, படத்த மாத்தறதுக்கோ பிளேஜியரிசத்துக்கோ இது சளைச்சதில்லன்னு எழுதினாங்க. அவ்வளவு கறாரா இருந்தவங்களே இத பிளேஜியரிசம்னு சொல்லல, பிளேஜியரிசத்துக்கு சமமா பக்கத்துல வெச்சாங்க. அப்புறம் அதே வருஷம் நவம்பர்ல விதிய தளர்த்தி, எந்தக் கருவிய எதுக்கு யூஸ் பண்ணீங்கன்னு வெளிப்படையா எழுதினா போதும்னு மாத்தினாங்க. பிளேஜியரிசத்த யாரும் இப்படி ஒரு வருஷத்துக்குள்ள தளர்த்தமாட்டாங்க. மறைச்சா தப்பு, சொன்னா சரின்னு மாறிச்சுன்னா பிரச்சனையோட மையம் மறைக்கறதுலதான் இருந்திருக்கு.

கோர்ட் வரைக்கும் போன கேஸ் ஏதாவது இருக்கா?

இருக்கு, அத கொஞ்சம் விரிவாவே பாக்கலாம், ஏன்னா ரெண்டு தரப்பு வாதமும் அதுல நேருக்கு நேர் மோதுது. அமெரிக்கால மசாசூசெட்ஸ் மாநிலத்துல ஹிங்கம் ஹை ஸ்கூல். வரலாறு பாடத்துக்கு ஒரு டாக்குமென்டரி ப்ராஜெக்ட், கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல்-ஜப்பார் பத்தி. ஒரு மாணவரும் அவரோட பார்ட்னரும் சேர்ந்து செஞ்சது. ஏஐ கருவி குடுத்த எழுத்த ஸ்கிரிப்ட் ட்ராஃப்ட்ல சேத்திருக்காங்கன்னு ஸ்கூல் கண்டுபிடிச்சு, ப்ராஜெக்டோட சில பகுதிக்கு ஃபெயில் மார்க் போட்டு, ஒரு சனிக்கிழமை டிடென்ஷனும் குடுத்துச்சு. பெத்தவங்க 2024ல கேஸ் போட்டாங்க.

அவங்க வாதம் என்னன்னா, மாணவர் கையேட்டுல ஏஐ கூடாதுன்னு அப்போ நேரடியா விதி இல்ல, ஏஐ யூஸ் பண்றது பிளேஜியரிசமான்னு உலகத்துலயே இன்னும் முடிவாகல, அப்படி இருக்கும்போது எப்படி ஏமாத்துனான்னு சொல்லலாம்? மேல பாத்த இல்லன்ற தரப்போட வாதம்தான் அது.

ஸ்கூல் பக்கத்துல, ஏஐ எழுதினதான்னு கண்டுபிடிக்கற டிடெக்டர் சாஃப்ட்வேரோட ரிசல்ட் இருந்துச்சு, ஆனா கேஸ தாங்கி நிறுத்தினது அது மட்டும் இல்ல. டாக்குமென்ட்ல எப்ப என்ன எழுதினாங்கன்னு காட்டற ரிவிஷன் ஹிஸ்டரிய டீச்சர் எடுத்துப் பாத்தாங்க. மத்த பிள்ளைங்க சராசரியா 7லருந்து 9 மணி நேரம் உக்காந்து எழுதின ப்ராஜெக்ட்ல இந்த மாணவர் 52 நிமிஷம்தான் இருந்திருக்கார், பெரிய பெரிய துண்டா பேஸ்ட் ஆகியிருக்கு. அதுக்கு மேல, அடிக்குறிப்புல இருந்த சில புத்தகங்கள் உலகத்துலயே இல்லாத புத்தகங்கள்.

2024 நவம்பர்ல ஃபெடரல் நீதிபதி, ஸ்கூல் முடிவ நிறுத்தி வெக்கணும்ன்ற கோரிக்கைய தள்ளுபடி பண்ணார். அவர் சொன்ன காரணத்த கவனிங்க. தலைப்பு யோசிக்கவோ மூலங்கள தேடவோ யூஸ் பண்ணிருந்தா வேற மாதிரி நுட்பமா யோசிக்கவேண்டியிருக்கும், இங்க நடந்தது அது இல்ல, ஜெனரேட்டர் குடுத்தத கண்ணமூடிட்டு காப்பி பேஸ்ட் பண்ணிருக்காங்க, இல்லாத புத்தகத்த குறிச்சது உட்பட. வேற இடத்துல இருந்து எடுத்தத குறிப்பிடாம சொந்தமா காட்டக்கூடாதுன்னு தெரிஞ்சுக்க ஏஐன்ற வார்த்தை விதில இருக்கணும்னு அவசியமில்லன்றது இதோட சாரம்.

இத வெச்சு ஏஐன்னாலே பிளேஜியரிசம்னு கோர்ட் சொல்லிடுச்சுன்னு சிலர் எழுதறாங்க, அது சரியில்ல. இது இடைக்கால உத்தரவு கேட்ட மனு மேல வந்த முடிவு, ஸ்கூல் நியாயமா நடந்துகிட்டுதான்னுதான் பாத்தாங்க. நான் எடுத்துக்கற பாடம் ஆதாரம் பத்தினது. 52 நிமிஷமும் இல்லாத புத்தகமும் யார் வேணும்னாலும் பாத்து சரிபாக்கக்கூடிய விஷயம். டிடெக்டர் நம்பர் அப்படி இல்ல.

டிடெக்டர் 80 சதவீதம் ஏஐன்னு காட்டுது, அப்புறமும் என்ன சந்தேகம்?

அந்த 80 எதை அளக்குதுன்னு பாக்கணும். டிடெக்டர் நீங்க எழுதறத பாக்கல, எழுதி முடிச்ச வாக்கியத்த மட்டும் பாக்குது. பல டிடெக்டருங்க முக்கியமா பாக்கறது அடுத்த வார்த்தைய எவ்வளவு சுலபமா ஊகிக்க முடியுதுன்றத. ஊகிக்கற மாதிரியே போனா மெஷின், எதிர்பாராம திரும்பினா மனுஷன்னு கணக்கு. அப்போ எளிமையா, பழகின வார்த்தைல, பாடப்புத்தக நடைல எழுதற மனுஷன் என்ன ஆவான்? மெஷின்னு முத்திரை வாங்குவான்.

இது ஊகம் இல்ல. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023ல, இங்கிலீஷ தாய்மொழியா இல்லாதவங்க டோஃபல்ன்ற இங்கிலீஷ் திறன் பரீட்சைக்கு எழுதின 91 கட்டுரைய ஏழு டிடெக்டர்ல போட்டுப் பாத்தாங்க. சராசரியா பாதிக்கும் மேல, 61 சதவீதம், ஏஐன்னு தப்பா வந்துச்சு. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைங்க எழுதினத போட்டப்ப கிட்டத்தட்ட எல்லாமே சரியா மனுஷன்னு வந்துச்சு. இரண்டாம் மொழில கஷ்டப்பட்டு எழுதற பிள்ளைங்களுக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம்னு யோசிங்க, அவங்க தப்பே வார்த்தைங்க கம்மியா தெரியறதுதான். அப்புறம் டிடெக்டருங்க மேம்பட்டிருக்கு, அத மறுக்கல, ஆனா அளக்கற அடிப்படை குணம் மாறல.

சாட்ஜிபிடி பண்ண ஓப்பன்ஏஐ கம்பெனியே 2023 ஜனவரில ஒரு டிடெக்டர் விட்டாங்க. ஏஐ எழுதினதுல 26 சதவீதத்ததான் அது பிடிச்சுது, மனுஷன் எழுதினதுல 9 சதவீதத்த தப்பா பிடிச்சுது, அவங்களே சொன்ன கணக்கு இது. துல்லியம் போதலன்னு அதே ஜூலைல மூடிட்டாங்க.

தப்பு 1 சதவீதம்தான்னு சொன்னாக்கூட எண்ணிக்கை சும்மா விடாது. வாண்டர்பில்ட் யுனிவர்சிட்டி 2023 ஆகஸ்ட்ல டர்னிட்டின்ன்ற காப்பி கண்டுபிடிக்கற சாஃப்ட்வேரோட ஏஐ டிடெக்டர நிறுத்தினப்ப இந்தக் கணக்கத்தான் போட்டாங்க: 2022ல அவங்க அந்த சாஃப்ட்வேர்ல போட்டது 75,000 பேப்பர், 1 சதவீதம் தப்புன்னா சுமார் 750 பேப்பர் மேல பொய்ப் பழி.

அந்தப் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. டிடெக்டரே வேண்டாம்னா வாத்தியார் என்ன பண்ணுவார், சும்மா பாத்துட்டு இருக்கணுமான்னு கேக்கறாங்க, சொந்தமா கஷ்டப்பட்டு எழுதற பிள்ளைக்கு அதுவும் துரோகம்தான். என்னைக் கேட்டா டிடெக்டர் நம்பர வெச்சு பேச்ச ஆரம்பிக்கலாம், தீர்ப்பு எழுதக்கூடாது. இன்னொண்ணு, பேப்பர சாட்பாட்ல போட்டு இத நீதான் எழுதினியான்னு கேக்கறது இருக்கே, அது ஆதாரமே கிடையாது, எதைக் காட்டினாலும் ஆமான்னு சொல்ல வாய்ப்பு இருக்கு.

கிராமர் திருத்தறதுக்கும், அவுட்லைன் போடறதுக்கும் யூஸ் பண்ணா?

அந்த அசைன்மென்ட் எதை அளக்குதுன்னு பாத்தா பாதி குழப்பம் போயிடும். ஒரு லேப் ரிப்போர்ட் எடுத்துக்கோங்க. அளக்கறது சோதனைய சரியா பண்ணி, வந்த நம்பர வெச்சு சரியா முடிவுக்கு வந்தீங்களான்றத. அதுல வாக்கியத்த மெஷின் சீர்பண்ணா அளவு கெடாது. அதே கருவிய மொழி வகுப்புல எழுத்துப் பயிற்சிக்கு யூஸ் பண்ணா அங்க அளக்கறதே வாக்கியம்தான், எழுத்துப்பிழை திருத்தறத தாண்டின ஒவ்வொரு திருத்தமும் உங்க மார்க்க பொய்யாக்கும்.

அவுட்லைன் இன்னும் சிக்கல். கட்டுரைல எழுதறதவிட கஷ்டமானது எத முன்னாடி சொல்றது, எத விடறது, எதுக்கு எதிர்வாதம் வெக்கறதுன்னு முடிவு பண்றதுதான். மெஷின் போட்ட எலும்புக்கூட்டுல உங்க சொந்த வாக்கியத்த ஒட்டினா ஒரு டிடெக்டரும் பிடிக்காது, ஆனா யோசனை உங்களோடதில்ல. மாறா, யோசனை முழுக்க உங்களோடது, மொழி மட்டும் மெஷின் சரிபண்ணதுன்னா டிடெக்டர் கத்தும். பிடிபடறதும் தப்பு செஞ்சதும் இங்க ஒண்ணா இல்ல, இதனாலதான் பிளேஜியரிசம் இல்லன்ற தரப்பு ஒரேயடியா எல்லாத்தையும் அந்தப் பேருக்குள்ள தள்ளாதீங்கன்னு கத்துது. இந்த எடத்துல நான் அவங்க பக்கம்.

யூஸ் பண்ணேன்னு கீழ ஒரு வரி போட்டுட்டா பிரச்சனை தீந்துடுமா?

மறைச்ச குத்தம் தீரும், அனுமதி இல்லாத உதவி வாங்கின குத்தம் தீராது. வாத்தியார் இந்த அசைன்மென்டுக்கு ஏஐ கூடாதுன்னு சொல்லியிருந்தா, யூஸ் பண்ணேன்னு நேர்மையா எழுதினாலும் மார்க் போகும், ஆனா ஏமாத்துனவர்ன்ற பழி வராது.

எழுதறதா இருந்தா ஏஐ உதவியோட செஞ்சதுன்னு மொட்டையா போடாதீங்க, அது எதையும் சொல்லல. எந்தக் கருவி, எந்த நாள், எந்த வேலைக்கு, வந்தத என்ன பண்ணீங்க, இது நாலும் வேணும். இப்படி எழுதலாம்:

> இரண்டாம் பகுதியின் எதிர்வாதங்களைத் தேட மார்ச் 4 அன்று சாட்ஜிபிடியைப் பயன்படுத்தினேன். அது தந்த ஐந்து வாதங்களில் இரண்டை எடுத்துக்கொண்டு, மூலக் கட்டுரைகளைப் படித்துச் சரிபார்த்து, என் வார்த்தைகளில் எழுதினேன். உரையாடல் முழுவதும் பின்னிணைப்பில் உள்ளது.

மேற்கோள் முறைல ஸ்டைலுக்கு ஸ்டைல் வித்தியாசம் இருக்கு. ஏபிஏ ஸ்டைல்ல கருவிய செஞ்ச கம்பெனிய ஆசிரியர் இடத்துல போடச் சொல்றாங்க, எம்எல்ஏ ஸ்டைல் ஏஐய ஆசிரியரா போடாதேன்னு சொல்லிட்டு ப்ராம்ப்ட் விவரத்துல இருந்து ஆரம்பிக்கச் சொல்லுது. உங்க டிபார்ட்மென்ட் எதைக் கேக்குதோ அத பாத்துப் போடுங்க. முக்கியமானது என்னன்னா மெஷின் சொன்ன தகவலுக்கு மெஷினையே ரெஃபரன்ஸா காட்டாதீங்க, அந்தத் தகவல் எங்க இருந்து வந்துச்சோ அங்க போய் படிச்சு அத காட்டுங்க, நாலாவது கேள்வில சொன்ன காணாமப்போன ஆய்வாளர கண்டுபிடிக்க இதவிட்டா வேற வழி இல்ல.

கால்குலேட்டர் வந்தப்பவும் இப்படித்தானே குதிச்சாங்க?

பாதி சரி. கால்குலேட்டர தடை பண்ணாம பரீட்சைய மாத்துனாங்க, கால்குலேட்டர் இல்லாத தாள் தனி, இருக்கற தாள் தனின்னு. இப்பயும் அதே திசைல போறாங்க, சிட்னி யுனிவர்சிட்டி மதிப்பீட்ட ரெண்டு தடமா பிரிச்சிருக்கு: கண்காணிப்போட நடக்கறது ஒண்ணு, ஏஐ யூஸ் பண்ண விட்டுட்டு நடத்தறது இன்னொண்ணு. மீதிப் பாதி சரியில்ல, ஏன்னா கால்குலேட்டர் கணக்கு போடும், எந்தக் கணக்க போடணும்னு முடிவு பண்ணாது.

நான் சொந்தமா எழுதினது, ஆனா ஏஐன்னு நோட்டீஸ் வந்துடுச்சு. என்ன பண்ணட்டும்?

முதல்ல பயத்துல ஃபைல தொடாதீங்க. எழுதின ஃபைல வேற பேர்ல சேவ் பண்றது, புது ஃபைல்ல காப்பி பண்ணி மாத்தறது இதெல்லாம் ஹிஸ்டரிய குழப்பிடும். கூகுள் டாக்ஸ்ல எழுதியிருந்தா வெர்ஷன் ஹிஸ்டரி தானா இருக்கும், வேர்டுன்னா ஒன்டிரைவ்ல சேவ் பண்ணியிருந்தா பழைய வெர்ஷன் கிடைக்கும். கைல எழுதின குறிப்பு, மார்ஜின்ல கிறுக்கின புத்தகம், லைப்ரரில எடுத்த பதிவு, ஃபிரெண்டுக்கு இந்த பாயின்ட் சரியான்னு அனுப்பின மெசேஜ், எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்குங்க.

அடுத்து எழுத்துல ரெண்டு கேள்வி கேளுங்க, எந்த விதியோட எந்தப் பிரிவுல குத்தம் சாட்டறீங்க, டிடெக்டர் ஸ்கோர் தவிர என்ன ஆதாரம் இருக்குன்னு. பிளேஜியரிசம்னு பதில் வந்தா மூலம் எதுன்னு காட்டச் சொல்லுங்க, கேக்க உங்களுக்கு நியாயம் இருக்கு. அனுமதி இல்லாத உதவின்னு வந்தா உங்க எழுத்து வந்த பாதைதான் உங்க பதில்.

அப்புறம் நேர்ல பேச நீங்களே முன்வாங்க. ஏன் இந்த உதாரணத்த எடுத்தீங்க, மூணாவது பத்திய ஏன் அங்க வெச்சீங்க, இந்த ரெஃபரன்ஸ்ல எந்தப் பக்கத்துல இருந்து இத எடுத்தீங்கன்னு கேட்டா எழுதினவங்களுக்கு வாய்ல வரும், முழுசா பேஸ்ட் பண்ணவங்களுக்கு பெரும்பாலும் வராது. பேசறதுல பதட்டம் வர்ற ஆளா இருந்தா அத முன்கூட்டியே எழுதிச் சொல்லிட்டு, ட்ராஃப்ட கைல வெச்சுகிட்டு பதில் சொல்ல அனுமதி கேளுங்க.